சதுர அலையின் மூலைகள்

(இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

சென்ற பருவத்தில் என் ரெக்கார்டு நோட்டின் ஒரே பக்கத்தில் ஓர் உண்மையும் ஒரு பொய்யும் அடுத்தடுத்து இருந்தன. உண்மை என் கையால் அளந்தது. பொய், மூத்த மாணவர் ஒருவரின் நோட்டைப் பார்த்து வரைந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்த எங்கள் விரிவுரையாளர் கேட்ட ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

சோதனை எளியது. 741 என்ற ஐ.சி.யைக் கொண்டு, 1 கிலோ ஓம், 100 கிலோ ஓம் மின்தடைகளை இணைத்து, உள்ளீட்டை ஏறத்தாழ நூறு மடங்காக்கும் பெருக்கி ஒன்றை அமைக்க வேண்டும். சரியாகச் சொன்னால் நூற்றொரு மடங்கு. நூறு என்றே வைத்துக்கொள்வோம். முதலில் சைன் அலையைக் கொடுத்து, அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போய் வெளியீட்டை அளந்து அட்டவணை போட வேண்டும். பிறகு சதுர அலையைக் கொடுத்து, சி.ஆர்.ஓ. திரையில் தெரிவதை வரைய வேண்டும்.

சைன் அலையில் ஒரு தொல்லையும் இல்லை. உள்ளீடு உச்சிக்கு உச்சி 20 மில்லிவோல்ட். நூறு ஹெர்ட்ஸில் வெளியீடு 2 வோல்ட். ஆயிரத்திலும் 2 வோல்ட். 10 கிலோஹெர்ட்ஸில் 1.4 வோல்ட். 50 கிலோஹெர்ட்ஸில் 0.4 வோல்ட். ஒவ்வொரு முறையும் திரையில் அழகான சைன் அலையே தெரிந்தது. உயரம் குறைந்ததே தவிர உருவம் மாறவில்லை.

பிறகு 10 கிலோஹெர்ட்ஸில் சதுர அலைப் பொத்தானை அழுத்தினேன். திரையில் வந்தது சதுரம் அல்ல. சுறாமீனின் துடுப்பு போல ஒன்று ஏறி வளைந்து, மறுபடி இறங்கி வளைந்தது. எனக்கு உடல் வியர்த்துவிட்டது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கல்லூரிப் பொருள் எதையாவது கெடுத்துவிட்டால் யாரிடம் போய் எப்படிச் சொல்வது என்பதே தெரியாது. ஐ.சி. போய்விட்டது என்று எண்ணி, யாருக்கும் தெரியாமல் கடைத்தெருவில் என் காசில் வேறொன்று வாங்கி வந்து மாற்றினேன். அதே துடுப்பு. இன்னொன்று வாங்கினேன். அதே துடுப்பு. மூன்றாவது வாங்கக் காசில்லை. மூத்தவரின் நோட்டில் நேர்த்தியான சதுர அலை வரைந்திருந்தது. அதையே அளவுகோல் வைத்து வரைந்து முடித்தேன்.

விரிவுரையாளர் நோட்டைத் திருத்தும்போது ஏசவில்லை. பென்சிலால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். ஒன்று, அட்டவணையில் 10 கிலோஹெர்ட்ஸுக்கு எதிரே இருந்த 1.4 வோல்ட். மற்றொன்று, 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலைப் படம். "தம்பி, இந்த இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். எது என்று நீரே சொல்லும்," என்றார்.

அன்றிரவு கிராஃப் தாளுடன் உட்கார்ந்தேன். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பதை ஆராய்ந்து 1822-இல் நூல் வெளியிட்ட ஃபூரியர் (பிரான்சு நாட்டில் ஒரு தையற்காரரின் மகன் அவர், அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது) காட்டிய வழிப்படி, சதுர அலையைச் சைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம். வகுப்பில் மனப்பாடம் செய்த சூத்திரந்தான்:

v = (4V/π) (sin ωt + (1/3) sin 3ωt + (1/5) sin 5ωt + …)

மேல்பாதியும் கீழ்பாதியும் சம நேரம் நிற்கும் சதுர அலையில் ஒற்றைப்படைச் சீரிசைகள் மட்டுமே வரும். என் பெருக்கியின் வெளியீட்டு அளவில், அதாவது மேலே 1 வோல்ட், கீழே 1 வோல்ட் என்று கொண்டால், அடிப்படை அலை 1.27 வோல்ட், மூன்றாம் சீரிசை 0.42, ஐந்தாவது 0.25. மூன்றையும் புள்ளி புள்ளியாகக் கூட்டி வரைந்தேன். நடுவில் 1.10 வோல்ட் உயரத்தில் ஒரு சிறு மேடும் அதன் இருபுறம் பள்ளமுமாக, ஏறக்குறைய ஒரு சதுரம் உருவானது. ஆனால் ஓரங்கள் செங்குத்தாக இல்லை.

இங்கேதான் சூத்திரத்தில் நான் பார்க்கத் தவறியிருந்த ஒன்று புலப்பட்டது. மேல் சீரிசைகள் சிறியவை, ஆகவே போனால் போகட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். மொத்தத் திறனில் 81 விழுக்காடு அடிப்படை அலைக்கே உரியது, மூன்றாவதற்கு 9. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் பத்துதான். ஆனால் அலை கீழிருந்து மேலே தாவுகிற அந்த நொடியில் ஒவ்வொன்றும் எவ்வளவு சரிவாக ஏறுகிறது என்று பாருங்கள். மூன்றாம் சீரிசையின் உயரம் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் மூன்று மடங்கு வேகமாக ஆடுகிறது. ஐந்தாவது ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து மடங்கு வேகம். பெருக்கிப் பார்த்தால் தாவும் இடத்தில் எல்லாவற்றின் சரிவும் ஒன்றே! நூற்றொன்றாம் சீரிசை உயரத்தில் ஒன்றுமில்லாததுபோல் இருந்தாலும், ஓரத்தைச் செங்குத்தாக்கும் வேலையில் அடிப்படை அலைக்குச் சமமான பங்காளி. திறன் முழுதும் கீழ் அலைகளில் இருக்கிறது. மூலை மேல் அலைகளில் இருக்கிறது.

என் தந்தையார் கொத்தனார். நான் தாளில் மூலையைக் காட்டி ஏதோ முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு, "சலிக்காத மணல்ல பூசுனா சுவரு நிக்கும்ப்பா, மூலை நிக்காது," என்றார். அவர் என் சூத்திரத்தைப் பார்த்துச் சொன்னதல்ல, மூலை என்ற சொல்லைக் கேட்டுச் சொன்னது. ஆனாலும் பொடி மணல் போன பிறகு மூலை மழுங்குவதுதான் என் திரையிலும் நடந்திருந்தது.

இனி பெருக்கிக்கு வருவோம். 741-இன் பெருக்கத்தையும் பட்டை அகலத்தையும் பெருக்கினால் ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் வரும். நூறு மடங்கு வேண்டுமென்றால் பட்டை அகலம் 10 கிலோஹெர்ட்ஸ்தான். அந்த அதிர்வெண்ணில் வெளியீடு 0.707 பங்காகக் குறையும், என் 1.4 வோல்ட் அதைத்தான் சொன்னது. 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையின் மூன்றாம் சீரிசை 30 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. பெருக்கி அதில் 0.32 பங்கையே விடுகிறது. ஐந்தாவது 50 கிலோஹெர்ட்ஸில், அதில் 0.2 பங்கு. ஆகவே 1.27, 0.42, 0.25 என்று உள்ளே போக வேண்டியவை 0.90, 0.13, 0.05 என்று வெளியே வருகின்றன. சைன் அலையில் ஒரே அதிர்வெண்தான் உண்டு. அதைக் குறைத்தாலும் அது சைனாகவே இருக்கும். சதுர அலை ஒரு கூட்டம். கூட்டத்தில் ஆளுக்கொரு அளவில் வெட்டினால் உருவம் எப்படி நிற்கும்?

குறைவதோடு தாமதமும் உண்டு. அடிப்படை அலை 45 பாகை பின்தங்குகிறது. நேரமாகச் சொன்னால் 12.5 மைக்ரோ நொடி. மூன்றாவது 72 பாகை பின்தங்கினாலும் அதன் சுற்று சிறியது, ஆகவே தாமதம் 6.6 மைக்ரோ நொடிதான். எல்லாரும் ஒரே கணத்தில் தாவினால்தான் ஓரம் உண்டாகும். இவர்களோ வெவ்வேறு கணத்தில் வருகிறார்கள். உயரம் மட்டும் குறைந்திருந்தால் ஏறத் தொடங்கும் இடமும் ஏறி முடியும் இடமும் ஒன்றுபோல் மழுங்கியிருக்கும். துடுப்பில் அப்படியில்லை. தொடக்கம் கூர்மை, முடிவு மட்டும் வளைவு. அது தாமதத்தின் கைவரிசை.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில், கெட்டுவிட்டது என்று ஒதுக்கியிருந்த முதல் ஐ.சி.யையே மறுபடி பொருத்தினேன். இம்முறை 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை. அரைச் சுற்றுக்கு 500 மைக்ரோ நொடி கிடைப்பதால் அலை மேலே ஏறி நிலைகொள்ள நேரம் இருக்கிறது. நேர அளவுத் திருகை விரித்து, பத்து விழுக்காட்டிலிருந்து தொண்ணூறு விழுக்காடு வரை ஏற ஆகும் நேரத்தை அளந்தேன்: 35 மைக்ரோ நொடி. 0.35-ஐ இந்த எழு நேரத்தால் வகுத்தால் பட்டை அகலம் கிடைக்கும். 10 கிலோஹெர்ட்ஸ்! ஒரு மணி நேரம் சைன் அலையால் அட்டவணை போட்டுக் கண்டதைச் சதுர அலை ஒரே ஏற்றத்தில் சொல்லிவிட்டது.

பக்கத்து மேசை நண்பருக்கும் ஓரம் சாய்ந்தே வந்தது, ஆனால் வளைவு இல்லாமல் நேர்கோடாக. அவர் உள்ளீட்டை 200 மில்லிவோல்ட் வைத்திருந்தார். வெளியீடு 20 வோல்ட் தாவ வேண்டும். 741-ஆல் ஒரு மைக்ரோ நொடிக்கு அரை வோல்ட்டுக்கு மேல் ஏற முடியாது. இது ஸ்லூ வீதம் என்னும் வேறு நோய். சீரிசைக் கணக்கு இதற்குப் பொருந்தாது. பிரித்தறிவது சுலபம்: உள்ளீட்டைப் பாதியாக்குங்கள். எழு நேரம் மாறாவிட்டால் குறை பட்டை அகலத்தில். எழு நேரமும் குறைந்தால் ஸ்லூ வீதத்தில். எனக்கு மாறவில்லை, அவருக்குக் குறைந்தது.

இன்னொரு இடத்திலும் ஏமாந்தேன். 50 ஹெர்ட்ஸ் சதுர அலையில் ஓரமெல்லாம் செங்குத்து, ஆனால் மேல்தளம் கூரைபோல் சரிந்திருந்தது. ஐ.சி.யைத் தொடப் போன கையை நிறுத்திக்கொண்டேன். சி.ஆர்.ஓ.வின் உள்ளீட்டுச் சுவிட்சு ஏ.சி.யில் இருந்தது. அந்த நிலையில் குறுக்கே நிற்கும் மின்தேக்கி தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கிறது. மேல் அலைகள் போனால் மூலை போகும். கீழ் அலைகள் குறைந்தால் தளம் சரியும். சுவிட்சை டி.சி.க்குத் தள்ளியதும் தளம் நேரானது.

பழைய படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டு, அடுத்த பக்கத்தில் துடுப்பை அதன் வளைவோடு வரைந்தேன். விரிவுரையாளர் இரண்டு பக்கத்துக்கும் கையெழுத்திட்டார். அந்த நோட்டை அடுத்த அணி நண்பர் ஒருவர் இரவல் வாங்கிப் போயிருக்கிறார். நேற்று வழியில் பார்த்து, "உனக்கு 35 மைக்ரோ நொடி, எனக்கு 44 வருகிறதே, எதை எழுதட்டும்?" என்று கேட்டார். ஐ.சி.க்கு ஐ.சி. பட்டை அகலம் கொஞ்சம் மாறும். அவருடையது 8 கிலோஹெர்ட்ஸ். 44 என்றே எழுதச் சொன்னேன்.