பூட்டிய கேட்டுக்கு வெளியே எழுதிய மனு

ஜூன் 4, 2018, அம்பத்தூர்

காலை ஷிப்டுக்குப் போனால் கேட்டில் பூட்டு. நஷ்டத்தால் ஆலை மூடப்படுகிறது என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மே மாதச் சம்பளமும் வரவில்லை. நாங்கள் 64 பேர். ஐம்பது பேருக்குக் குறையாத ஆலையை மூடுவதானால் 60 நாளுக்கு முன்பே அரசுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது தொழில் தகராறு சட்டம். எங்களுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஜூன் 6

தொழிலாளர் அலுவலருக்கு மனு எழுத உட்கார்ந்தோம். ஆளுக்கொரு கஷ்டம் சொன்னார்கள். யூனியன் தோழர் அதையெல்லாம் இரண்டு வரியில் அடக்கிவிட்டு, “பேர், சேர்ந்த தேதி, கடைசிச் சம்பளம், வர வேண்டிய பாக்கி. இப்படி அட்டவணை போடுங்க” என்றார்.

பேக்கிங் பிரிவு அக்காவின் கணக்கை முதலில் போட்டோம். பன்னிரண்டு வருட வேலை, அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 13,000 ரூபாய். கிராஜுவிட்டிக்கு மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுக்க வேண்டும், நாளுக்கு 500. வருடத்துக்கு 15 நாள் வீதம் 90,000. மூடல் இழப்பீடும் வருடத்துக்கு 15 நாள்தான். ஆனால் அதில் 26 ஆல் வகுக்கும் முறை கிடையாது. அரைமாதச் சம்பளமாக 6,500 வீதம் 78,000. நோட்டீசுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் 13,000, மே மாத பாக்கி 13,000. மொத்தம் 1,94,000 ரூபாய்.

ஜூன் 8

அக்காவின் பி.எஃப். பாஸ்புக்கில் 2014இல்தான் சேர்ந்ததாக இருக்கிறது. ராஜினாமா எழுதி வாங்கி, மறுநாளே புது நம்பரில் சேர்த்திருக்கிறார்கள். சர்வீஸை உடைக்கும் பழைய வேலை இது. நல்லவேளை, 2006ஆம் வருட இ.எஸ்.ஐ. அட்டையையும் பழைய சம்பளச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருந்தார். நகல் எடுத்து மனுவோடு இணைத்தோம்.

ஜூன் 11

மனுவைக் கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்கினோம். இரவில் மெஷின்கள் லாரியில் ஏறுவதையும் அதில் எழுதியிருந்தோம். மெஷினும் போய்விட்டால் பணம் வசூலிக்க அங்கே என்ன மிஞ்சும்? அலுவலர் இரு தரப்பையும் பேச்சுவார்த்தைக்கு அழைப்பதாகச் சொன்னார். பணத்தைக் கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் சமரச அலுவலருக்கு இல்லை. பேச்சு முறிந்தால் தொழிலாளர் நீதிமன்றம். கிராஜுவிட்டிக்கு அதற்கான அதிகாரியிடமும், கட்டாத பி.எஃப்.புக்கு பி.எஃப். அலுவலகத்திலும் தனித்தனியாக மனு கொடுக்க வேண்டும்.

ஜூன் 13

சூப்பர்வைசர் வீடு வீடாகப் போகிறார். பத்தாயிரம் தருகிறோம், ‘கணக்கு முழுவதும் தீர்ந்தது’ என்ற வவுச்சரில் கையெழுத்துப் போடு என்கிறார். வாடகை பாக்கி உள்ளவர்களுக்கு அது பெரிய பணம்தான். ஆனால் அக்காவுக்கு வர வேண்டியது 1,94,000. அந்த வவுச்சர் நாளை வழக்கில் எதிராக வந்து நிற்கும். தோழர்களே, அட்டவணையில் உங்கள் பெயருக்கு நேரே உள்ள தொகையைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.