பச்சைக் கட்டத்தின் பின்னால்

மாதம் பிறந்த ஐந்தாறு நாளில் சம்பளச் செலவு அறிக்கை நிதித் தலைவரின் மேசைக்குப் போயாக வேண்டும். துறைவாரியாக பட்ஜெட், செலவு, வித்தியாசம். ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் எக்செல் அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கிவிடும். சிவப்புக்கு விளக்கம் எழுதுவோம். பச்சையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கோ சந்தேகமெல்லாம் பச்சையின் மேல்தான்.

கோவைப் பக்கத்து பம்ப் தொழிற்சாலை ஒன்றின் பேக்கிங் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு வசதியாக எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். பட்ஜெட்டில் 40 பேர், பி.எஃப்.பில் நிறுவனம் கட்டும் பங்கையும் சேர்த்து ஆளுக்கு 25,000 ரூபாய். மொத்தம் 10 லட்சம். அந்த மாதச் செலவு 10,08,000. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. பச்சை.

ஆனால் சம்பளப் பட்டியலில் இருந்தது 36 பேர்தான். நான்கு பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். அப்படியானால் 9 லட்சத்தில் முடிந்திருக்க வேண்டும். மிச்சம் 1,08,000 எங்கே போனது? 78,000 ஓவர்டைம். சட்டப்படி அதற்கு இரட்டிப்புச் சம்பளம். மீதி 30,000, போனவர்களின் கணக்கு முடித்தபோது சேர்ந்திருந்த விடுப்புக்குக் கொடுத்த பணம். ஆள் குறைந்ததில் மிஞ்சிய ஒரு லட்சம் இந்த இரண்டையும் மூடி மறைத்துவிட்டது. விடுப்புப் பணம் ஒருமுறைச் செலவு. ஓவர்டைம் அப்படியல்ல, ஆள் எடுக்கும்வரை மாதாமாதம் வரும்.

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. வித்தியாசத்தை இரண்டாக உடைத்தால் போதும். ஆள் குறைந்ததால் எவ்வளவு, ஆளுக்கு ஆன செலவு கூடியதால் எவ்வளவு. இங்கே முதலாவது ஒரு லட்சம் மிச்சம். இரண்டாவது 1,08,000 கூடுதல். இரண்டுக்கும் தனித்தனியே எல்லை வைத்தால் இரண்டு கட்டமும் சிவக்கும். எல்லையைச் சதவீதத்தில் மட்டும் வைக்கக் கூடாது. மூன்று பேர் இருக்கும் துறையில் ஒருவர் சேர்ந்தாலே முப்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். சதவீதத்தோடு ஒரு ரூபாய் வரம்பும் வேண்டும்.

சிவப்பிலும் போலி உண்டு. ஒரு துறையில் 50,000 கூடி, இன்னொன்றில் ஏறக்குறைய அதே தொகை குறைந்தால், நான் முதலில் இடமாற்ற உத்தரவுகளைத்தான் தேடுவேன். ஆள் ஸ்டோருக்குப் போயிருப்பார், அவர் சம்பளம் பழைய துறையின் கணக்கிலேயே விழுந்துகொண்டிருக்கும். ஓவர்டைமை அடுத்த மாதச் சம்பளத்தோடு கொடுக்கும் இடங்களில் இன்னொரு தொல்லை: அதற்கு மாதக் கடைசியில் ஒதுக்கீடு போடாவிட்டால், வேலை நடந்த மாதம் பச்சை, பணம் கொடுத்த மாதம் சிவப்பு. துறைத் தலைவர் நடக்காத வேலைக்கு விளக்கம் சொல்லித் தவிப்பார், பாவம்.

அதனால் சிவப்பான ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள்: ஒருமுறைச் செலவா, மாதம் மாறி விழுந்ததா, தொடரப்போகிறதா? “ஓவர்டைம் அதிகம்” என்று மட்டும் எழுதி வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.