டிவிக்குப் போட்ட கணக்கு

2013 தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவுக்கு ஒரு எல்இடி டிவி வாங்க நினைத்தேன். சிங்கப்பூரில் 600 வெள்ளி. வெள்ளிக்கு 50 ரூபாய் வைத்தால் 30,000. அதே மாடல் திருச்சியில் 36,000 என்றான் தம்பி. ஆறாயிரம் மிச்சம்தானே?

இல்லைங்க. அந்த வருடம் ஆகஸ்ட் 26 முதல் தட்டைத்திரை டிவிக்கு வரிச்சலுகை போய்விட்டது. செஸ்ஸோடு 36.05 சதவீதம் சுங்கவரி, அதாவது 10,815 ரூபாய். ஆக மொத்தம் 40,815! சுற்றுலா வந்தவருக்கு ஏர்போர்ட்டில் திரும்பக் கிடைக்கும் ஜிஎஸ்டியும் வொர்க் பர்மிட்காரனுக்குக் கிடையாது.

பணத்தை அனுப்பித் திருச்சியிலேயே வாங்கச் சொன்னேன். ரிப்பேர் என்றால் வாரண்டியும் அங்கேயே செல்லும். தங்கைக்கு மட்டும் ஒரு லேப்டாப் எடுத்துப் போனேன். பயணிக்கு ஒரு லேப்டாப் வரை வரியில்லை.

அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "பக்கத்து வீட்டுல கேட்டா சிங்கப்பூர் டிவின்னு சொல்லிக்கவாடா?" என்றார். சொல்லிக்குங்கப்பா என்றேன்.