பதினாறு மாறிகளும் 2002இன் ஜூலையும்

2002ஆம் ஆண்டுத் தென்மேற்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 101 விழுக்காடாக இருக்கும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை மே மாத இறுதியில் அறிவித்தது. பிழை வரம்பு கூட்டியோ கழித்தோ 4 விழுக்காடு. ஜூன் ஒருவாறு கடந்தது. ஜூலையில் பெய்தது அம்மாதத்து வழக்கமான மழையில் ஏறத்தாழப் பாதிதான். நாற்றங்கால் கருகிற்று, விதைத்தவர்களும் இழந்தார்கள், விதைக்கக் காத்திருந்தவர்களும் இழந்தார்கள். செப்டம்பர் இறுதியில் கணக்குப் பார்த்தபோது பருவத்தின் மொத்த மழை 81 விழுக்காடு. அறிவித்த பிழை வரம்பைப் போல் ஐந்து மடங்கு தவறு.

அந்த முன்னறிவிப்பைத் தந்தது 1988 முதல் பயன்பாட்டில் இருந்த பதினாறு மாறிகளின் அடுக்குத் தொடர்புப் போக்கு மாதிரி. கடல் வெப்பநிலை, காற்றழுத்தம், மேல்வளி ஓட்டம், பனிப்பரப்பு எனப் பதினாறு முற்குறிகள். அவற்றைக் கொண்டு ஒரே ஓர் எண்ணை, நாடு முழுமைக்குமான பருவமழையை, கணிப்பது அதன் வேலை. அந்தத் தோல்விக்கு வானிலை இயல் சார்ந்த காரணங்கள் பல உண்டு. ஆனால் புள்ளியியல் மாணவர்கள் உற்றுப் பார்க்க வேண்டியது அந்த நான்கு விழுக்காட்டை.

அகில இந்தியப் பருவமழை ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும் அளவு, அதாவது அதன் திட்ட விலக்கம், சராசரியில் ஏறக்குறைய 10 விழுக்காடு. மாதிரியின் பிழை 4 என்றால், எஞ்சிய மாறுபாடு (4/10)², அதாவது 0.16. வேறு சொற்களில், R² ஏறத்தாழ 0.84. அடுத்த ஜூலையின் மழையை ஏப்ரல், மே மாதங்களிலேயே 84 விழுக்காடு விளக்கிவிடும் மாதிரி என்றால் ஒன்று அது பெரும் கண்டுபிடிப்பு, இல்லையேல் அந்த எண் மாதிரி ஏற்கெனவே பார்த்த ஆண்டுகளிலிருந்து மட்டும் பெறப்பட்டது.

மாதிரிக்குக் கிடைத்த தரவு 1950களின் இறுதியிலிருந்து தொடங்குகிறது. எனவே முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இல்லை. 38 ஆண்டுகள் என்று கொள்வோம். மழைக்கும் அவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லாத பதினாறு மாறிகளை, பகடை உருட்டிப் பெற்ற எண்களைப் போன்றவற்றை, இந்த 38 ஆண்டுகளின் மேல் பொருத்தினால் R²-இன் எதிர்பார்ப்பு மதிப்பு p/(n−1), அதாவது 16/37. அது 0.43. வெறும் இரைச்சல் மழையின் மாறுபாட்டில் 43 விழுக்காட்டை ‘விளக்குகிறது’!

இந்த மோசடியைத் திருத்தத்தான் சரிசெய்யப்பட்ட R² வந்தது. எஞ்சிய வர்க்கக் கூட்டை அதன் கட்டின்மைக் கூறுகளால் வகுப்பதால், மேற்கண்ட பகடை மாறிகளுக்கு அதன் எதிர்பார்ப்பு மதிப்பு சுழியமாகிவிடும். அந்த அளவில் அது நேர்மையானது. ஆனால் மாறிகளைத் தேர்ந்தெடுக்கும் கருவியாக அதைக் கையில் எடுத்தால் நிலைமை வேறு. புதிதாக ஒரு மாறியைச் சேர்க்கையில் சரிசெய்யப்பட்ட R² உயர்வதற்கான நிபந்தனை ஒன்றே: அம்மாறியின் t மதிப்பு, குறியை நீக்கிப் பார்த்தால், 1ஐத் தாண்ட வேண்டும். தொடர்பே இல்லாத மாறிக்கும் அப்படித் தாண்டும் நிகழ்தகவு மூன்றில் ஒன்று. இவ்வளவு தளர்ந்த வாயிற்காவலனைப் பாடநூல்கள் ஏனோ இன்னமும் மரியாதையோடு அறிமுகப்படுத்துகின்றன.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை. மேற்சொன்ன மாதிரியின் எண்கள் அல்ல. அதே 38 ஆண்டுகளுக்கு மூன்று மாறிகள் கொண்ட சிறிய மாதிரி R² = 0.36 தருகிறது, பதினாறு மாறிகள் கொண்ட பெரியது 0.66 தருகிறது. சரிசெய்தால் சிறியதற்கு 0.30, பெரியதற்கு 0.40. பெரியதே வெல்கிறது, பல ஆய்வேடுகள் இந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இனி அகைகேயின் தகவல் அளவுகோல்.

```
AIC  = n*ln(RSS/n) + 2k
BIC  = n*ln(RSS/n) + k*ln(n)
AICc = AIC + 2k(k+1)/(n-k-1)
```

இங்கே k என்பது மதிப்பிடப்படும் எல்லாவற்றின் எண்ணிக்கை: சாய்வுகள், வெட்டுத்துண்டு, பிழையின் மாறுபாடு. சிறியதற்கு 5, பெரியதற்கு 18. பெரிய மாதிரி எஞ்சிய பிழையைக் குறைத்ததால் ஈட்டியது 38·ln(0.34/0.64), அதாவது 24 புள்ளி. கூடுதலான 13 மதிப்பீடுகளுக்கு அது கட்ட வேண்டிய தண்டம் 26. ஆகவே இரண்டே புள்ளி வேறுபாட்டில் சிறியது முந்துகிறது, ஏறத்தாழச் சமநிலை. ஸ்வார்ட்ஸ் 1978இல் தந்த அளவுகோலில் ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் தண்டம் ln 38, அதாவது 3.64. மொத்தத் தண்டம் 47; சிறியது 23 புள்ளி முன்னே.

மூன்று அளவுகோல்கள், மூன்று தீர்ப்புகள். மாணவர்கள் பலர் இங்கே தமக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்கிறார்கள். உண்மையில் கருத்து வேறுபாடு தோன்றுவதுபோல் பெரிதன்று. அகைகேயின் தண்டமான 2k, கூறின் அளவு k-ஐ விட மிகப் பெரிதாக இருக்கையில் மட்டும் செல்லுபடியாகும் தோராயம். 38 ஆண்டுகளை வைத்துக்கொண்டு 18 மதிப்பீடுகள் செய்பவருக்கு அந்தத் தோராயம் பொருந்தாது. சிறு கூறுகளுக்கான திருத்தத்தைச் சேர்த்தால், பெரிய மாதிரிக்கு 2·18·19/19, அதாவது 36 புள்ளி கூடுகிறது, சிறியதற்கு 1.9 மட்டுமே. இப்போது சிறியது 36 புள்ளி முன்னே நிற்கிறது. சமநிலை என்று தோன்றியது கூறு சிறிதாக இருந்ததன் விளைவு. இன்னொரு சிக்கலும் உண்டு. வானிலைத் துறையின் மாதிரி நேரியல் அன்று; ஒவ்வொரு மாறிக்கும் கெழுவோடு ஓர் அடுக்கெண்ணும் இருந்தது. அவற்றையும் எண்ணினால் k, மாறிகளின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்குக்கு மேல் போகும். 38 ஆண்டுகளுக்கு மேற்கண்ட திருத்தத்தின் கீழ்ப்பகுதி 2 ஆகவோ 3 ஆகவோ சுருங்கிவிடும். சூத்திரமே கைவிரிக்கும் இடம் அது.

குறுக்குச் சரிபார்ப்பு இதையே வேறு வழியில் காட்டுகிறது. ஓர் ஆண்டை ஒதுக்கிவிட்டு மற்ற 37 ஆண்டுகளால் மாதிரியைக் கட்டி, ஒதுக்கிய ஆண்டைக் கணிப்பது. இவ்வாறு 38 முறை. நேரியல் மாதிரிக்கு 38 முறை கட்டவும் வேண்டியதில்லை:

```r
m <- lm(y ~ ., data = d)
mean((resid(m) / (1 - hatvalues(m)))^2)
```

ஒவ்வோர் ஆண்டும் தன் கணிப்பைத் தானே எவ்வளவு இழுத்துக்கொள்கிறது என்பதே `hatvalues` தரும் எண். அதன் சராசரி, கெழுக்களின் எண்ணிக்கையை n-ஆல் வகுத்தது. பெரிய மாதிரிக்கு 17/38, ஏறத்தாழ 0.45. எல்லா ஆண்டுகளுக்கும் இந்தச் சராசரியையே இட்டால், மொத்த மாறுபாட்டை 1 எனக் கொண்டு, பெரிய மாதிரியின் கணிப்புப் பிழை 0.34/(0.553)², அதாவது 1.11. சிறியதற்கு 0.80. எந்த மாறியும் இன்றி ஒவ்வோர் ஆண்டும் சராசரி மழையையே சொல்லிக்கொண்டிருந்தால் 1.05. சரிசெய்யப்பட்ட R² வெற்றி பெற்றதாகச் சொன்ன மாதிரி, ஒன்றுமே செய்யாதவரைவிடப் பின்தங்கிவிட்டது.

இதுவரை மாறிகள் முன்கூட்டியே தரப்பட்டவை என்று பாவித்தோம். நடைமுறையில் அவை நூற்றுக்கணக்கானவற்றிலிருந்து பொறுக்கப்படுகின்றன. 38 ஆண்டுகளில் 0.32 ஒட்டுறவுக்கெழு இருந்தாலே ஐந்து விழுக்காட்டு நிலையில் ‘குறிப்பிடத்தக்கது’ என்றாகிவிடும். மழையோடு தொடர்பற்ற 200 மாறிகளைத் தேடினால் ஏறத்தாழ 10 அந்த வாயிலைக் கடக்கும். பொறுக்கிய பத்தையும் 38 ஆண்டுகளையும் வைத்து, ஓர் ஆண்டாக ஒதுக்கிச் சரிபார்த்தால் அருமையான முடிவு வரும். காரணம் எளிது: ஒதுக்கப்பட்ட ஆண்டும் அந்தப் பத்தைப் பொறுக்குவதில் பங்கெடுத்திருக்கிறது. மேலே உள்ள இரண்டு வரி நிரலும் இந்தத் தவற்றைக் கண்டுபிடிக்காது. தகவல் அளவுகோல்களும் அப்படியே, அவை தேடலுக்குத் தண்டம் விதிப்பதில்லை. ஓர் ஆண்டை ஒதுக்கினால், 200 மாறிகளிலிருந்து பொறுக்கும் வேலையையும் அந்த ஆண்டைப் பாராமல் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறுவேறு பத்து மாறிகள் வந்தால், அந்த நிலையின்மையே ஒரு கண்டறிதல். பல ஒட்டுறவுகளிலிருந்து மிகப் பெரியதை எடுப்பதன் ஆபத்தைப் பருவமழை முன்னறிவிப்பின் முன்னோடியான கில்பர்ட் வாக்கரே 1914இல் எழுதிவைத்துவிட்டார் என்பது இந்தத் துறையின் கசப்பான நகைச்சுவை.

அப்படியானால் 1988 முதல் 2001 வரை அந்த மாதிரி எப்படித் தேறியது? அந்தப் பதினான்கு ஆண்டுகளிலும் நாடு முழுமைக்குமான மழை இயல்பு வரம்பிலிருந்து கீழிறங்கவில்லை. ‘பஞ்சம் இல்லை’ என்று ஒவ்வோர் ஆண்டும் சொன்ன எவரும் பதினான்குக்குப் பதினான்கு பெற்றிருப்பார். மாதிரிகளைத் தமக்குள் ஒப்பிட்டால் போதாது. ஒன்றுமறியாத சராசரியோடும் ஒப்பிட வேண்டும் என்பது இதனால்தான். இடையே முற்குறிகளுக்கும் மழைக்குமான ஒட்டுறவு தளர்ந்துகொண்டும் வந்தது. 2000ஆம் ஆண்டில் நான்கு மாறிகள் மாற்றப்பட்டன. காலத்தோடு உறவே மாறுகிற தரவில் ஓர் ஆண்டை நடுவிலிருந்து உருவிச் சோதிப்பதைவிட, 1987 வரை கற்று 1988ஐச் சொல், 1988 வரை கற்று 1989ஐச் சொல் என்று முன்னோக்கி நகர்வதே கடுமையான, எனவே நம்பத்தக்க, சோதனை.

2003இல் துறை எட்டு, பத்து மாறிகள் கொண்ட மாதிரிகளுக்கு இறங்கிவந்தது. 2007இல் ஏப்ரல் அறிவிப்புக்கு ஐந்து, ஜூன் அறிவிப்புக்கு ஆறு. அந்த முறையில் கவனிக்கத்தக்கது, தனியொரு மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமே கைவிடப்பட்டது. ஐந்து மாறிகளிலிருந்து 31 மாதிரிகள் கட்டலாம். அவற்றைப் பொதுமைப்படுத்திய குறுக்குச் சரிபார்ப்பு அளவால் வரிசைப்படுத்தி, முன்னணியில் நிற்கும் சிலவற்றின் கணிப்புகளைச் சேர்த்து எடையிட்டார்கள். எல்லா ஆண்டுகளுக்கும் சராசரி `hatvalues` மதிப்பை இட்டு மேலே செய்த கணக்கு உண்மையில் அந்த அளவேதான். நெருங்கி நிற்கும் மாதிரிகளுக்கிடையே இரண்டு புள்ளி வேறுபாட்டை நம்பி ஒன்றைத் தேர்வதைவிட இது தக்கது.

ஆயினும் இந்த அளவுகோல்கள் யாவும் இருக்கிற மாதிரிகளை வரிசைப்படுத்துபவை. கையிலுள்ள மாறிகளில் இல்லாத செய்தியை அவற்றால் உண்டாக்க முடியாது. 2009 ஏப்ரலில் இந்தப் புதிய முறை 96 விழுக்காடு என்றது. ஜூனில் 93 என்று திருத்திக்கொண்டது. பெய்தது 78.