யாரும்மா இந்த முக்தா?

போன ஞாயிறு எங்கள் காலனியில் மழலையர் பள்ளி ஒன்றைத் திறந்தோம். மொத்தம் 20 பிள்ளைகள். பெயர்ப் பலகையை மூடியிருந்த துணியை எடுத்ததும் முன்வரிசையில் இருந்த ஓர் ஆயா கேட்டார்: "அம்பேத்கர் ஐயா பேரு வைக்கலையா? யாரும்மா இந்த முக்தா?"

எழுதி வைத்திருந்த உரையை மடித்துவிட்டு, அவருக்கே பதில் சொன்னேன்.

"முக்தாபாய் தலைவர் இல்லை ஆயா. ஒரு மாணவி. புனேவில் சாவித்திரிபாயும் ஜோதிராவ் புலேயும் நடத்திய பள்ளியில் படித்தவள். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மாங் சாதியில் பிறந்தவள். 1855-இல், 14 வயதில், மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். 'ஞானோதயா' என்ற மராத்தி இதழ் அதை அச்சிட்டது. வேதம் பிராமணருக்கு மட்டும்தான் என்றால் எங்கள் மதம் எது என்று அதில் கேட்டாள். தலைவர் படத்தை நம் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். முக்தா அவர்களைப் போலவே படிக்க வந்த பிள்ளை. கேள்வி கேட்ட பிள்ளை."

பிறகு பெற்றோருக்கு மூன்று வாக்குறுதிகள் கொடுத்தேன். இங்கே ஒரே தண்ணீர்ப் பானை. யாரும் மொண்டு குடிக்கலாம். துடைப்பத்தை எந்தப் பிள்ளை கையிலும் கொடுக்க மாட்டோம். கூட்டுவதும் கழிப்பறை கழுவுவதும் பெரியவர்களான எங்கள் வேலை, எனக்கும் முறை உண்டு. பிள்ளை எதைக் கேட்டாலும் "வாயை மூடு" என்ற பதில் வராது. "மூணு வயசுல இங்கிலீஷ் பேச வைப்போம்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றதும் சில அப்பாக்களின் முகம் வாடியது. முதலில் வீட்டில் பேசும் தமிழில் தயங்காமல் பேசட்டும் என்றேன்.

கடைசியில் ஓர் அம்மா எழுந்தார். "இங்க எல்லாம் சரிக்கா. ஒண்ணாங் கிளாஸ் போற எடத்துல கடைசி பெஞ்சுல உக்கார வச்சா?"

கைதட்டல் நின்றது. அதைத் தடுக்கும் சக்தி எங்கள் பலகைக்கு இல்லை. உள்ளதைச் சொன்னேன். "அதை நடக்காம பண்ணிடுவேன்னு சொல்ல முடியாதும்மா. ஆனா சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். தண்ணி பாட்டில் நிரம்பினபடியே திரும்பி வந்தா, வீட்டுக்கு வந்ததும் பாத்ரூமுக்கு ஓடினா, அங்க தண்ணியோ கழிப்பறையோ பிள்ளைக்கு எட்டலைன்னு சந்தேகப்படுங்க. அதட்டாம கேளுங்க. பிள்ளை சொன்னதைத் தேதி போட்டு எழுதி வைங்க. கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் இல்ல, மனசை நோகடிக்கிறதையும் தடை செய்யுது. தலைமை ஆசிரியர்கிட்ட எழுத்துல புகார் கொடுக்க நான் கூட வருவேன்."

"எழுதத் தெரியாதேக்கா" என்றார்.

"நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன். உங்க பொண்ணு வளர்ந்து அவளே எழுதுற வரைக்கும்."

எழுதி வைத்திருந்த உரையில் இது இல்லை, தோழர்களே. நான்காவது வாக்குறுதியாக அதைச் சேர்த்திருக்கிறேன். புகார் எழுத ஒரு நோட்டும் வாங்கி வைத்தாயிற்று.