பதினொன்றேகால் மில்லிமீற்றர்

பேரனின் பிளேஸ்டேஷன் 5இல் இடம் நிரம்பியதால், உள்ளே ஓர் எஸ்.எஸ்.டி. பொருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. சோனி பரிந்துரைக்கும் வாசிப்பு வேகம் செக்கனுக்கு 5,500 மெகாபைற். நான் வாங்கியதோ 7,000. வேகத்தைப் பார்த்தவன் உயரத்தைப் பார்க்கவில்லை.

வெப்பந்தணிப்பானோடு சேர்த்து மொத்தத் தடிப்பு 11.25 மில்லிமீற்றரைத் தாண்டலாகாது. என்னுடையது 15. மூடியைத் திருகிப் பூட்ட முடியவில்லை.

"வெப்பந்தணிப்பானைக் கழற்றிவிட்டால் என்ன, தாத்தா?" என்றான் பேரன். கூடாது, சூடேறினால் எஸ்.எஸ்.டி. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கடையில் மெல்லியதொன்றை மாற்றி வாங்கினேன். சட்டப்பலகைக்கு மேலே 8, கீழே 2.45 மில்லிமீற்றர்தான் எல்லை என்பதை இம்முறை அடிமட்டத்தால் அளந்த பின்னரே பணம் கொடுத்தேன். மூடி அமைதியாகப் பொருந்தியது. இயக்கியதும் திரை ஃபார்மற் செய்யச் சொன்னது. முடிந்ததும் வாசிப்பு வேகத்தைக் காட்டியது. 5,500ஐத் தாண்டியிருந்தது.