ஹம்பிப் பயணம் – 2: விடியலுக்குப் பிறகு ஹொசபேட்டே

ஹம்பிக்கு ரயில் இல்லை. இறங்கவேண்டிய இடம் ஹொசபேட்டே. அங்கிருந்து இன்னும் 13 கிலோமீட்டர். தனியாகப் போகும் பெண்ணுக்கு இந்த 13 கிலோமீட்டர்தான் முக்கியம். அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் நான் கடைசித் துண்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன்.

பெங்களூரிலிருந்து ஹொசபேட்டே போக எனக்கு மூன்று வழிகள் தெரிந்தன. பகலில் கிளம்பி மாலை ஆறு மணிவாக்கில் இறங்கலாம். இரவு ஒன்பது மணி ஆம்னி பஸ்ஸில் போகலாம். அல்லது பத்து மணியை ஒட்டிக் கிளம்பும் ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறிக் காலை ஏழு மணிவாக்கில் இறங்கலாம். மாலை ஆறு மணி என்றால் வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் தாமதம் நம்மை எந்தப் பக்கம் தள்ளும் என்று பார்க்கவேண்டும். மாலையில் இரண்டு மணி நேரம் தாமதமானால் எட்டு மணி இருட்டில், ஆள் குறைந்த சாலையில் ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். காலை ஏழு மணி ரயில் மூன்று மணி நேரம் தாமதமானாலும் பத்து மணிதான் ஆகும்; நல்ல வெயில், நிலையம் நிறைய ஆட்கள்.

பஸ்ஸில் சிக்கல் நேர்மாறானது. அது சீக்கிரம் வந்துவிடும். ஏறத்தாழ 340 கிலோமீட்டர். இரவில் சாலை காலியாக இருந்தால் விடிகாலை நாலு மணிக்கே ஊர் வந்துவிடும். சில பஸ்கள் ஊருக்குள் நுழையாமல் பைபாஸிலேயே இறக்கிவிடும். பஸ்தான் வசதி என்பவர்கள் பதினொரு மணிக்கு மேல் கிளம்பும் வண்டியாகப் பார்த்து, டிராப்பிங் பாயிண்ட் பேருந்து நிலையம்தானா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

விடியல் நேரத்தையும் ஊருக்கு ஊர் பார்க்கவேண்டும். ஜனவரியில் சென்னையில் ஆறரை மணிவாக்கில் சூரியன் வந்துவிடும். மேற்கே தள்ளியிருக்கும் ஹொசபேட்டேயில் அது ஏழு மணியை ஒட்டித்தான். ஐந்தரை மணிக்கு இறங்கினால் அங்கே முழு இருட்டு. அப்படி நேர்ந்தால் வெளியே போகாமல், டிக்கெட்டைக் காட்டிப் பெண்கள் காத்திருப்பு அறையில் உட்கார்ந்துகொள்ளலாம்.

ஹம்பி எக்ஸ்பிரஸ்தான் என்று முடிவானதும், சென்னையிலிருந்து பெங்களூருக்கு மதியம் சேரும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸைத் தேர்ந்தெடுத்தேன். லால்பாகில் போனால் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் இறங்க முடியும். அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம்கூட மிஞ்சாது. தவறவிட்டால் நள்ளிரவில் பெங்களூரில் அறை தேடவேண்டும்.

தங்கவிருந்த வீட்டு அம்மாவிடம் நாலு நாள் முன்பே பேசினேன். "ரயில் லேட்டானாலும் ஆட்டோக்காரர் காத்திருப்பாரா அக்கா?" என்றேன். "நம்ம தெருப் பையன்தான், நீ பெல்லாரியிலிருந்து ஒரு போன் பண்ணு போதும்" என்றார். ஆட்டோக்காரரின் பெயர், கைபேசி எண், வண்டி எண், கூலி நான்கையும் வாங்கிக்கொண்டேன். வண்டி எண் KA 35 என்று தொடங்கியது. அது ஹொசபேட்டே பதிவு. அவற்றை அப்படியே என் தங்கைக்கும் அனுப்பினேன். கூலி இறங்கிய பிறகுதான் என்பதையும் அப்போதே பேசிவிட்டேன்.

பெல்லாரி வந்ததும் ஆட்டோக்காரருக்கு போன் செய்தேன். அங்கிருந்து ஹொசபேட்டேக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அவர் வீட்டிலிருந்து கிளம்ப அது போதும். வழியில் தோரணகல்லு இரும்பாலையின் புகைபோக்கிகள் தெரியத் தொடங்கியபோது பையை எடுத்துக் கதவருகே வைத்தேன்.

நிலைய வாசலில் ஐந்தாறு பேர் "ஹம்பி, ஹம்பி" என்று சூழ்ந்துகொண்டார்கள். இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். உங்கள் பெயரையோ ஆட்டோக்காரரின் பெயரையோ நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். "நீங்கதானே இன்னார்?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்பார்கள். நான் பேசாமல் அந்த எண்ணுக்கு போன் போட்டேன். சற்றுத் தள்ளி நின்ற ஒருவர் கையிலிருந்த போன் ஒலித்தது. அவரே என் பெயரையும் வீட்டு அம்மாவின் பெயரையும் சொன்னார். வண்டி எண்ணையும் பார்த்துவிட்டு ஏறினேன்.

ஆட்டோ வராமல் போனால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன். ஹொசபேட்டே பேருந்து நிலையத்திலிருந்து பகல் முழுக்க ஹம்பிக்கு டவுன் பஸ் ஓடுகிறது. அது விருபாட்சர் கோயிலுக்குப் பக்கத்திலேயே விடுகிறது. இந்த மாற்று வழியும் வெளிச்சத்தில் சேர்ந்தால்தான் கைகொடுக்கும். ஆற்றுக்கு அக்கரையில் ஆனேகுந்தியில் தங்குபவர்களுக்கு வெளிச்சத்தில் சேர்வது இன்னும் முக்கியம். படகு பொழுது சாய்வதோடு நின்றுவிடும்; பிறகு பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

காலையில் சேர்வதில் ஒரு தொல்லை உண்டு. அறை மதியம்தான் காலியாகும். அதையும் முன்பே கேட்டிருந்தேன். பையை வைக்க ஓர் இடமும், குளிக்கப் பின்கட்டில் ஒரு குளியலறையும் தருவதாக அந்த அம்மா சொல்லியிருந்தார். எட்டரை மணிக்குள் குளித்துவிட்டு, அவர் ஊற்றிய இட்லியைச் சாப்பிட்டு, விட்டலர் கோயில் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். அங்குள்ள கல்தேரைப் பற்றி அடுத்த பகுதியில்.